சித்தப்பாவின் 5 டாலர் பெட்ரோல்: கேலனை லிட்டராக்கி, டாலரை ரூபாயாக்கிப் பார்த்தால்

(எபிசோடின் எழுத்து வடிவம். கேட்க இருந்த மாதிரியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களையும், நடுவுல வந்த ரயில் ஹாரனையும் மட்டும் வெட்டியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடு எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல நடந்த ஒரு சண்டையிலிருந்து ஆரம்பிக்குது.

2022 ஜூன் மாசம். எங்க சித்தப்பா மெடிக்கல் ரெப். கிழக்கு தாம்பரத்துல வீடு. காலையில பைக்கை எடுத்தா சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், திரும்பி ஜிஎஸ்டி ரோடு பிடிச்சு பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரின்னு ஒவ்வொரு கிளினிக்கா ஏறி இறங்கணும். ஒரு நாளைக்கு சுமாரா 60 கிலோமீட்டர். அதனால பெட்ரோல் விலைன்னா அவருக்கு அது நியூஸ் இல்ல, சம்பளத்துல விழுற ஓட்டை.

அவருக்கு யாரோ ஒரு போட்டோ ஃபார்வர்ட் பண்ணியிருந்தாங்க. அமெரிக்காவுல ஏதோ ஒரு பங்க், பெரிய போர்டு, அதுல 5 டாலர் சொச்சம். கீழ ஒரு வரி: "அமெரிக்காவில் பெட்ரோல் 390 ரூபாய்! நம்ம ஊரில் 102 தான். இனிமே யாரும் புலம்பாதீங்க." சித்தப்பா அதை குரூப்புல போட்டு, "அப்போ நான் வாயை மூடிக்கணுமா?"ன்னு கேட்டிருந்தார்.

டெக்ஸஸ்ல இருக்கற பெரியப்பா பையன் உடனே, "சித்தப்பா, அது லிட்டர் இல்ல, கேலன்"னு போட்டான். அடுத்து மாமா ஒருத்தர் கால்குலேட்டரை எடுத்து, "அப்போ 1,480 ரூபாய்!"ன்னு போட்டார். இன்னொருத்தர் 86 ரூபாய்ன்னார். ஒரே போட்டோ, மூணு விடை. மூணுமே தப்பு. எப்படி தப்பாச்சுன்னு பார்த்தாலே கணக்கு முழுசா புரிஞ்சிடும்.

முதல்ல அந்த 5 டாலர் எவ்வளவு?

அந்த மாசம் அமெரிக்காவுல நிஜமாவே ஒரு சம்பவம் நடந்தது. அங்க ஏஏஏன்னு ஒரு வாகன ஓட்டிகள் சங்கம் இருக்கு. நாடு முழுக்க பங்க் விலையை எடுத்து தினமும் சராசரி வெளியிடுவாங்க. அவங்க கணக்குல, சாதாரண பெட்ரோலோட தேசிய சராசரி அந்த ஜூன்லதான் வரலாற்றுல முதல் தடவையா ஒரு கேலனுக்கு 5 டாலரைத் தாண்டுச்சு. உச்சம், ஜூன் 14 அன்னைக்கு, 5.016 டாலர். அந்த வாரம் டாலருக்கு நம்ம ரூபாய் சுமார் 78.

அங்க பங்க்ல விலை கேலனுக்கு. ஒரு அமெரிக்க கேலன்னா 3.785 லிட்டர். நம்ம வீட்டுல 20 லிட்டர் தண்ணி கேன் வருதுல்ல, அதுல அஞ்சு கேலன் ஊத்தினா ஒரு லிட்டருக்கு மேல இடம் மிச்சம் இருக்கும். அந்த அளவு.

இப்போ ரெண்டு மாற்றம் பண்ணணும். காசை மாத்தணும், அளவை மாத்தணும். டாலரை ரூபாயாக்க 78-ஆல பெருக்கணும்: 5.016 தடவை 78, அதாவது 391 ரூபாய் 25 காசு. ஃபார்வர்ட் பண்ணினவர் இங்கயே நின்னுட்டார். அந்த 390 தப்பான நம்பர் இல்ல, ஆனா அது ஒரு கேலனுக்கான விலை. அதை லிட்டருக்கான 102 பக்கத்துல வெச்சுட்டார்.

கேலன்ல 3.785 லிட்டர் இருக்கறதால, 391.25-ஐ 3.785-ஆல வகுக்கணும். விடை 103 ரூபாய் 37 காசு.

இதை ஒரு வரியில எழுதினா:

ரூபாய் / லிட்டர் = (டாலர் / கேலன்) × (ஒரு டாலருக்கு ரூபாய்) ÷ 3.785

அதே ஜூன்ல சென்னையில பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. வித்தியாசம் முக்கால் ரூபாய் கூட இல்ல. அமெரிக்காவுல டிவி ஃபுல்லா "வரலாறு காணாத விலை"ன்னு அலறிட்டிருந்த அதே நாள்ல, தாம்பரத்துல சித்தப்பா அதே விலைக்கு சத்தமில்லாம டேங்க் ரொப்பிட்டு கிளம்பியிருக்கார். அவருக்கு அது இறங்கின விலை வேற. மே 21 வரைக்கும் சென்னையில 110 ரூபாய் 85 காசு. மத்திய அரசு கலால் வரியை 8 ரூபாய் குறைச்சதுக்கு அப்புறம்தான் 102.63 ஆச்சு.

மாமாவோட 1,480, இன்னொருத்தரோட 86

மாமா வகுக்க வேண்டிய இடத்துல பெருக்கிட்டார். 5.016 தடவை 78 தடவை 3.785, அதுதான் 1,480. இதைப் பிடிக்க கால்குலேட்டர் வேண்டாம். கேலன் பெரிய பாத்திரம், லிட்டர் சின்ன பாத்திரம். பெரிய பாத்திரத்துக்கே 391 ரூபாய்ன்னா சின்னதுக்கு அதைவிடக் குறைவாத்தான் வரணும், சுமார் நாலுல ஒரு பங்கு. கேலன்ல இருந்து லிட்டருக்கு வரும்போது நம்பர் ஏறினா, எங்கயோ திருப்பிப் போட்டுட்டோம்னு அர்த்தம்.

86 சொன்னவர் தப்பு சுவாரஸ்யமானது. அவர் வகுத்திருக்கார், ஆனா 4.546-ஆல. அது இங்கிலாந்து கேலன். கேலன்ல ரெண்டு வகை இருக்குன்னு நிறைய பேருக்குத் தெரியாது. அந்தக் காலத்துல இங்கிலாந்துலயே சாராயத்துக்கு ஒண்ணு, பீருக்கு ஒண்ணுன்னு வேற வேற கேலன் இருந்தது. 1824-ல அவங்க எல்லாத்தையும் தூக்கிட்டு இம்பீரியல் கேலன்னு ஒரே அளவு கொண்டு வந்தாங்க, பத்து பவுண்டு தண்ணி பிடிக்கற அளவு. அமெரிக்கா அதுக்கு முன்னாடியே பிரிஞ்சு போயாச்சு, அதனால பழைய ஒயின் கேலனையே வெச்சுக்கிட்டாங்க. அது 231 கன அங்குலம். அப்படித்தான் இன்னைக்கும் ஃபோர்டு காருக்கு ஒயின் அளவுல பெட்ரோல் அளக்கறாங்க.

நம்ம ஊர்லயும் 1956-ல மெட்ரிக் சட்டம் வர்றதுக்கு முன்னாடி கேலன்னா அது இங்கிலாந்து கேலன்தான். பழைய கணக்குப் புத்தகத்துலயோ, பிரிட்டிஷ் வெப்சைட்லயோ தேடினா 4.546 கண்ல படும். ரெண்டுக்கும் 20 சதவீத வித்தியாசம். 103 ரூபாய் விஷயத்துல 17 ரூபாய் காணாமப் போயிடும். மாமாவோட 1,480-ஐப் பார்த்தவுடனே யாரும் நம்ப மாட்டாங்க. 86 நம்பற மாதிரி இருக்கும், அதான் ஆபத்து. டாலர்ல விலை போட்ட அமெரிக்க பங்க்னா 3.785, யோசிக்கவே வேண்டாம். கனடாவுல பங்க் விலை லிட்டருக்கு, சென்ட்ல இருக்கும். அங்க கேலனே வராது.

ஒவ்வொரு தடவையும் வகுக்கணுமா?

வேண்டாம். ரூபாய் ரேட்டை 3.785-ஆல ஒரே ஒரு தடவை வகுத்து வெச்சுக்கோங்க. டாலர் 78-ன்னா 20.6. டாலர் 85-ன்னா 22.5. டாலர் 90-ன்னா 23.8. இதுதான் அந்த மாசத்தோட நம்பர். அப்புறம் அமெரிக்க விலை எது வந்தாலும் இதால பெருக்கினா லிட்டர் விலை வந்துடும். 90 ரேட்ல ஒருத்தர் "இங்க 3 டாலர்"ன்னா, 3 தடவை 23.8, சுமார் 71 ரூபாய். பஸ்ல நின்னுக்கிட்டே போட்டுடலாம்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. போட்டோ எப்போ எடுத்ததோ, ரேட்டும் அப்போதைய ரேட்டா இருக்கணும். 2022 ஜூன் போட்டோவை இப்போ ஒருத்தர் ஃபார்வர்ட் பண்றார், நீங்க 90 ரேட்ல போட்டுப் பார்க்கறீங்கன்னா 119 ரூபாய் வரும். அது அந்த நாளோட அமெரிக்க சராசரி விலை இல்ல. பழைய டாலர் விலையும் புது ரூபாய் ரேட்டும் கலந்து பொறந்த குழந்தை அது. நம்ம பக்கத்து விலையும் அதே நாளோடதா இருக்கணும். நம்ம ஊர்ல 2017 ஜூன் 16-லிருந்து தினமும் காலை 6 மணிக்கு விலை மாத்தலாம்னு முறை இருக்கு. ஆனா நடைமுறையில 2022 மே மாசத்துல இருந்து 2024 மார்ச் வரைக்கும் சென்னை விலை 102.63-லயே உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவுல வாரத்துக்கு வாரம் ஆடும்.

எந்த ரேட்டுன்னு ஒரு கேள்வி வரும். சும்மா ரெண்டு ஊரை ஒப்பிடணும்னா கூகுள் காட்டற ரேட் போதும். நீங்களே அங்க போய் கார்டு தேய்க்கப் போறீங்கன்னா உங்க பேங்க் போடற ரேட்டை எடுங்க, அது கூடவே இருக்கும்.

போர்டைப் படிக்கறதுல ஒரு சின்ன வேடிக்கை சொல்லிடறேன். அமெரிக்க போர்டுல 3.29-ன்னு பெரிசா போட்டு ஓரத்துல பொடியா 9/10-ன்னு இருக்கும். அது 3.299 டாலர். நம்ம பாட்டா செருப்பு 499.90 மாதிரி. ரூபாய்ல 20 காசு வித்தியாசம், விட்டுடலாம். ஆனா பக்கத்துலயே கேஷ் விலை, கார்டு விலைன்னு ரெண்டு போட்டிருந்தா அதை விட்டுடாதீங்க. எதைப் படிக்கறீங்கன்னு பாருங்க.

இன்னொண்ணு, 87-ன்னு எழுதியிருக்கறதைப் பார்த்து "அவங்க பெட்ரோல் மட்டம், நம்மது 91"-ன்னு சிலர் சொல்வாங்க. ஆக்டேனை அவங்க அளக்கற முறை வேற. அவங்க 87-ம் நம்ம 91-ம் கிட்டத்தட்ட ஒரே தரம்தான். 2022-ல ரெண்டு பக்கமும் சுமார் பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதனால ஒப்பீடு நியாயமானது. இப்போ நம்ம பங்க்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனால்ல லிட்டருக்கு சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு குறைவு. அப்போ அவங்க லிட்டரைவிட நம்ம லிட்டர்ல சக்தி சுமார் 3 சதவீதம் கம்மி. 100 ரூபாய்ல 3 ரூபாய்ன்னு மனசுல வெச்சுக்கலாம்.

கொழும்புலயும் அதே விலை

இங்கதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அதே 2022 ஜூன் 26-ம் தேதி இலங்கையில ஒக்டேன் 92 பெட்ரோல் 420 ரூபாயில இருந்து 470 இலங்கை ரூபாய் ஆச்சு. அப்போ டாலருக்கு சுமார் 360 இலங்கை ரூபாய். அங்க லிட்டர் கணக்குதான், அதனால 3.785 தேவையில்ல. 470-ஐ 360-ஆல வகுத்தா 1.31 டாலர், அதை 78-ஆல பெருக்கினா 102 ரூபாய் சொச்சம்.

அமெரிக்கா 103, சென்னை 102.63, கொழும்பு 102. ஒரே மாசம், மூணு நாடு, ஒரே விலை. கணக்கு சரி. ஆனா இலங்கையில அந்த ஜூன் கடைசியில அத்தியாவசிய சேவைகளைத் தவிர மத்தவங்களுக்கு எரிபொருள் விற்பனையையே அரசு நிறுத்திடுச்சு. போர்டுல விலை இருந்தது, பெட்ரோல் இல்ல. வரிசையில நின்ன நேரம் எந்த கன்வர்ஷன்லயும் வராது.

அமெரிக்காவும் சென்னையும் கூட வெளியிலதான் ஒண்ணு. உள்ள பிரிச்சுப் பார்ப்போம். அமெரிக்காவுல மத்திய அரசு வரி கேலனுக்கு 18.4 சென்ட். 1993-லிருந்து மாறவே இல்ல. மாநில வரி ஊருக்கு ஊர் மாறும்; டெக்ஸஸ்ல 20 சென்ட், கலிஃபோர்னியாவுல அதைவிடப் பல மடங்கு. சராசரியா எல்லாம் சேர்த்து கேலனுக்கு அரை டாலர்னு வைங்க. நம்ம நம்பர் 20.6-ஆல பெருக்கினா லிட்டருக்கு 10 ரூபாய்.

சென்னையில? மத்திய கலால் வரி அப்போ 19 ரூபாய் 90 காசு. தமிழ்நாடு வாட் 13 சதவீதம், அதோட லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. 102.63-ல இருந்து பின்னோக்கிப் போனா வாட் மட்டும் சுமார் 22 ரூபாய். ரெண்டும் சேர்த்து 42 ரூபாய் வரி. இதுவும் 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு மூணு ரூபாய் குறைச்சதுக்கு அப்புறம்.

வரியைக் கழிச்சா அமெரிக்காவுல 93 ரூபாய், சென்னையில 61 ரூபாய். கச்சா எண்ணெய் உலகச் சந்தையில ஒரே விலைதானே, எப்படி இவ்வளவு வித்தியாசம்? அங்க அந்த ஜூன்ல சுத்திகரிப்பு லாபமெல்லாம் சேர்ந்து விலை அப்படியே பங்குக்கு வந்துடுச்சு. இங்க ஏப்ரல் முதல் வாரத்துல இருந்து பங்க் விலையை ஏத்தாம வெச்சிருந்தாங்க; மே மாசம் வரி குறைச்சது மட்டும்தான் மாற்றம். அந்த நஷ்டம் கம்பெனி கணக்குல விழுந்தது. 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டுல இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூணும் சேர்ந்து 18,000 கோடி ரூபாய்க்கு மேல நஷ்டம் காட்டுச்சு.

இதோட மறுபக்கம் ஆறு மாசத்துல தெரிஞ்சது. டிசம்பர் கடைசியில அமெரிக்க சராசரி 3.10 டாலர் பக்கம் இறங்கிடுச்சு. ரூபாய் அப்போ சுமார் 82.7. கணக்குப் போட்டா லிட்டர் 68 ரூபாய். சென்னையில? அதே 102.63. ஏறும்போது நமக்கு ஏறல, இறங்கும்போதும் இறங்கல. அதனால யாராவது ஒரே ஒரு தேதியை வெச்சு "அங்க சீப், இங்க காஸ்ட்லி"-ன்னு சொன்னா, எந்த தேதின்னு கேளுங்க. ஜூன்ல பார்த்தா சமம். டிசம்பர்ல பார்த்தா நம்ம ஊர்ல ஒன்றரை மடங்கு.

சித்தப்பா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல

அவர் கேட்டது, "நான் வாயை மூடிக்கணுமா?" லிட்டர் விலை சமம்னு சொன்னதும் பெரியப்பா பையன், "பார்த்தீங்களா, இங்கயும் அதே கஷ்டம்தான்"னு போட்டான். சித்தப்பா, "தம்பி, நீ எவ்வளவு நேரம் வேலை பார்த்தா ஒரு லிட்டர் வரும்?"னு கேட்டார். நல்ல கேள்வி. அதையும் போட்டுடுவோம்.

அமெரிக்காவுல மத்திய அரசு நிர்ணயிச்ச குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். பல மாநிலங்கள்ல இதைவிட அதிகம், ஆனா நாம அடிமட்டத்தையே எடுப்போம். லிட்டர் 1.325 டாலர். அப்போ ஒரு லிட்டருக்கு 11 நிமிஷ வேலை.

சித்தப்பாவுக்கு அப்போ சம்பளம் 25,000 சுத்தி. மாசம் 26 நாள், நாளைக்கு 8 மணி நேரம்னா 208 மணி நேரம். மணிக்கு 120 ரூபாய். 102.63-க்கு 51 நிமிஷம். அங்க அடிமட்டக் கூலிக்காரர் 11 நிமிஷத்துல வாங்கறதை இவர் முக்கால் மணி நேரத்துக்கு மேல உழைச்சு வாங்கறார். குரூப்புல சித்தப்பா பக்கம் கைதட்டல் எமோஜி குவிஞ்சது.

ஆனா கணக்கு இங்க முடியல. யாரும் லிட்டரைக் குடிக்கறதில்ல, ஓட்டறாங்க. சித்தப்பா பைக் லிட்டருக்கு 50 குடுக்குது. 60 கிலோமீட்டருக்கு 1.2 லிட்டர், 123 ரூபாய். அங்க பைக் கிடையாது, கார்தான். 30 எம்பிஜின்னு வைங்க, அதாவது கேலனுக்கு 30 மைல். இதை நம்ம மைலேஜுக்கு மாத்த 0.425-ஆல பெருக்கணும், ஏன்னா ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், அதை 3.785-ஆல வகுத்தா 0.425. அப்போ லிட்டருக்கு 12.75 கிலோமீட்டர். சித்தப்பா ஓட்டற அதே 60 கிலோமீட்டரை அங்க காருல ஓட்டினா 4.7 லிட்டர், 486 ரூபாய், டாலர்ல 6 டாலர் 23 சென்ட்.

இப்போ வேலை நேரமா மாத்துங்க. அமெரிக்க அடிமட்டக் கூலிக்காரருக்கு 52 நிமிஷம். சித்தப்பாவுக்கு 61 நிமிஷம்.

லிட்டருக்கு 51-க்கு 11-ன்னு இருந்தது, ஒரு நாள் ஓட்டத்துக்கு வந்ததும் 61-க்கு 52. வித்தியாசத்தை விழுங்கினது அந்த பைக். அதாவது நம்ம ஆள் வெயில்ல, மழையில, ஜிஎஸ்டி ரோடு புழுதியில ரெண்டு சக்கரத்துல போறதாலதான் செலவு கிட்ட வருது. அவரே லிட்டருக்கு 15 குடுக்கற கார்ல போயிருந்தா 4 லிட்டர், 410 ரூபாய், கிட்டத்தட்ட மூணரை மணி நேர வேலை. தினமும்.

இந்தக் கணக்குல நான் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பைக்கையும் காரையும் ஒப்பிடறது சரியான்னு கேட்டா, "அங்க வாழறவர் என்ன செலவு பண்றார், இங்க வாழறவர் என்ன செலவு பண்றார்"-ங்கற கேள்விக்கு அது சரி. "பெட்ரோல் எங்க விலை அதிகம்"-ங்கற கேள்விக்கு அது சரி இல்ல. அதுக்கு லிட்டர் விலையோட நிறுத்திக்கணும். ஃபார்வர்ட் அனுப்பறவங்க முதல் கேள்விக்கு ரெண்டாவது பதிலைக் குடுத்துட்டுப் போயிடறாங்க. குரூப்புல சண்டை வர்றது பெரும்பாலும் கணக்குல இல்ல, இதுல.

இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். சித்தப்பா படிச்சுட்டு, "அப்போ புலம்பலாம்"-னு ஒரே வார்த்தை. மாமா 1,480-ஐ டிலீட் பண்ணிட்டார், ஆனா எல்லாரும் பார்த்தாச்சு.

இப்போ சமீபத்துல சித்தப்பா மறுபடி ஒரு போட்டோ அனுப்பினார். இங்கிலாந்து பங்க், போர்டுல 139.9. "டேய், இது கேலனுக்கு 139 பவுண்டா?"-ன்னு கேட்டார். இல்ல சித்தப்பா, அவங்க மைலேஜ்தான் கேலன்ல சொல்வாங்க, அதுவும் அந்த பெரிய கேலன். பங்க்ல விக்கறது லிட்டர்ல. அந்த 139.9 பென்ஸ், அதாவது 1.399 பவுண்டு. பவுண்டு 105 ரூபாய்ன்னா லிட்டர் 146 ரூபாய் 90 காசு. 3.785-ம் வேண்டாம், 4.546-ம் வேண்டாம்.